பூட்டிய வீடும் குடியிருக்கும் வீடும்

வரிச்சட்டத்தை யாரும் இலக்கியமென்று சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு தொடரிலிருந்து சில சொற்களை உருவிவிட்டால் அதன் பொருள் எப்படித் தலைகீழாகும் என்பதை இலக்கிய வாசகர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. அந்த உரிமையில்தான் 2025ஆம் ஆண்டு நிதிச்சட்டம் செய்த ஒரு சிறிய சொல்மாற்றத்தை இங்கே எடுத்துக்கொள்கிறோம். சொந்த வீடு ஒன்றில் அதன் உரிமையாளர் குடியிருக்க முடியாமல் போனாலும், அதை அவர் குடியிருக்கும் வீடாகவே கருதி வரியின்றி விடலாம் என்று வருமான வரிச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லி வந்தது. அப்படி விடுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. வேலையோ தொழிலோ வேறோர் ஊரில் அமைந்து, அங்கே தமக்குச் சொந்தமில்லாத கட்டடத்தில் அவர் தங்க நேர்ந்திருக்க வேண்டும். 2025இல் அந்தக் காரணம் நீக்கப்பட்டது. இப்போது 'எந்தக் காரணத்தாலும்' குடியிருக்க முடியாமற் போனால் போதும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் வருகிற 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் பிரிவு எண்கள்தான் வேறு. இந்தக் கருத்து அப்படியே தொடர்கிறது.

காரணம் கேட்காத சட்டம் பெருந்தன்மையான சட்டம் என்று தோன்றலாம். அந்தப் பெருந்தன்மை யாருக்கு என்பதுதான் நம் கேள்வி. இதைப் பழனி மலையில், குறிப்பாகக் கோடைக்கானலில் வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகத் தெரியும்.

கோடைக்கானல் பிறந்ததே இரண்டாம் வீடாகத்தான். 1845இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மேலே வந்து முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்களுடைய வேலையும் வாழ்வும் கீழே இருந்தன; மலை வெயிற்காலத்துக்கு மட்டும். நூற்றெண்பது ஆண்டுகள் கடந்தும் அந்த வழக்கம் மறையவில்லை. ஏரியைச் சுற்றியும் அதற்கு மேற்பட்ட சரிவுகளிலும் உள்ள பங்களாக்கள் பலவற்றின் உரிமையாளர்கள் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். காவற்காரர் ஒருவர் புல் வெட்டுவார், குழாயைப் பார்த்துக்கொள்வார். மே மாதத்தில் விளக்கெரியும். மற்ற நாட்களில் வாயிற்கதவில் பூட்டுத் தொங்கும். அதே ஊரின் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர், மருத்துவமனையில் பணிசெய்யும் செவிலியர், மாற்றலாகி வந்த வங்கி ஊழியர் ஆகியோரோ ஆனந்தகிரியிலும் நாயுடுபுரத்திலும் வீடு தேடி அலைகிறார்கள். அவர்களுக்கு வீடு கொடுப்பவர் பெரும்பாலும் மாடியையோ பின்கட்டையோ வாடகைக்கு விடும் உள்ளூர்க்காரர்.

இந்த இரண்டு வீடுகளையும் வரிச்சட்டம் எப்படி நடத்துகிறது? முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுவோம். வீட்டிலிருந்து வரும் வருமானத்துக்குச் சட்டம் 'ஆண்டு மதிப்பு' என்ற அளவுகோலை வைத்திருக்கிறது. அந்த வீடு ஓராண்டில் நியாயமாக என்ன வாடகை பெறக்கூடும் என்பது ஒன்று; உண்மையில் என்ன வாடகை வந்தது என்பது மற்றொன்று. இரண்டில் எது அதிகமோ அதுவே ஆண்டு மதிப்பு. வாடகைக்கு விட முயன்றும் ஆள் கிடைக்காமல் காலியாகக் கிடந்த மாதங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதிலிருந்து, உரிமையாளர் அந்த ஆண்டிலேயே நகராட்சிக்குச் செலுத்திய சொத்துவரி கழியும். மிஞ்சுவதில் 30 சதவிகிதம் பழுதுபார்ப்பு முதலான எல்லாச் செலவுக்குமாகச் சேர்த்துக் கழியும். வீட்டுக்காக வாங்கிய கடனுக்கு வட்டி இருந்தால் அதுவும் கழியும். எஞ்சுவது மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும். சொந்த உபயோகத்தில் உள்ள வீட்டுக்கோ ஆண்டு மதிப்பே சூன்யம்.

இப்போது ஒரே சரிவில் ஒரே அளவில் மூன்று வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நாம் கட்டிய வீடுகள். மூன்றுக்கும் கடன் கிடையாது. ஒவ்வொன்றும் மாதம் 20,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் வாடகை பெறத்தக்கது. ஒவ்வொன்றுக்கும் சொத்துவரி 12,000 ரூபாய். மூன்று உரிமையாளர்களும் 20 சதவிகிதம் வரி கட்டும் நிலையில் இருப்பவர்கள்.

முதல் வீட்டில் ஓர் ஆசிரியர் குடும்பம் ஆண்டு முழுவதும் குடியிருக்கிறது. 2,40,000இல் சொத்துவரி போக 2,28,000. அதில் 30 சதவிகிதமான 68,400 போக 1,59,600. இதற்கு 20 சதவிகித வரியும் அதன்மேல் 4 சதவிகித செஸ்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 33,197 ரூபாய்.

இரண்டாம் வீடு பன்னிரண்டு மாதமும் பூட்டிக் கிடக்கிறது. உரிமையாளருக்குச் சென்னையில் குடியிருக்கும் வீடு ஒன்று, இது மற்றொன்று. வரி சூன்யம்.

மூன்றாம் வீட்டின் உரிமையாளர் ஏப்ரல், மே இரண்டு மாதங்கள் மட்டும் வீட்டை ஒரு குடும்பத்துக்கு விடுகிறார். மாதம் 40,000 வீதம் 80,000 ரூபாய் வருகிறது. மற்றப் பத்து மாதமும் வீட்டைத் தமக்கென்று வைத்துக்கொண்டு, தோன்றும்போது வந்து தங்குகிறார். இவருக்கு 80,000 ரூபாய்க்குத்தானே வரி என்று யாரும் நினைப்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆண்டின் எந்தப் பகுதியிலாவது வீடு வாடகைக்கு விடப்பட்டிருந்தால் சூன்ய மதிப்பு என்ற சலுகை ஆண்டு முழுமைக்கும் போய்விடும். சொந்தமாகப் பயன்படுத்திய மாதங்கள் காலியாகக் கிடந்த மாதங்களாகா. ஆகவே பெறத்தக்க வாடகை 2,40,000, பெற்ற வாடகை 80,000, இரண்டில் அதிகமானது 2,40,000. கணக்கு முதல் வீட்டின் கணக்காகவே ஆகிவிடுகிறது. 80,000 ரூபாய் கையில் வந்தவருக்கும் வரி அதே 33,197 ரூபாய்.

இந்த மூன்று வீடுகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் சட்டம் உரிமையாளர்களிடம் என்ன சொல்கிறது என்பது காதில் விழும். சாவியை ஒருவரிடம் கொடுத்தால் வரி. இரண்டு மாதம் கொடுத்தாலும் பன்னிரண்டு மாத வரி. யாரிடமும் கொடுக்காதே, வரியே இல்லை. குடியிருக்க வீடில்லாத ஒரு மலையூரில் அரசாங்கம் பேசவேண்டிய பேச்சு இதுவல்ல என்பது நம் கட்சி.

இந்தச் சூன்யம் எப்படி வந்தது என்று பார்ப்பது நல்லது. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தமக்குத் தாமே வாடகை கொடுத்துக்கொள்கிறார், அந்த மிச்சமும் ஒருவகை வருமானமே என்ற எண்ணம் ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து நமக்கு வந்தது. 1922ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டம் குடியிருக்கும் வீட்டுக்கும் ஒரு மதிப்பு வைத்தது. ஆனால் அது உரிமையாளரின் மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று வரம்பும் கட்டியது. பிரிட்டன் 1963இல் இந்த வரியைக் குடியிருப்போரிடமிருந்து நீக்கிவிட்டது. இந்தியாவில் 1987-88 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து குடியிருக்கும் ஒரு வீட்டின் மதிப்பு சூன்யமாயிற்று. அதில் நமக்கு மறுப்பில்லை. மனிதன் தலைசாய்க்கும் கூரையின்மேல், கையில் வராத பணத்துக்கு வரி கேட்பது நியாயமாகாது. ஆனால் அந்த நியாயம் தலைசாய்க்கும் ஒரு கூரைக்குத்தான். அக்காலத்தில் இரண்டாவது வீட்டை வைத்திருந்தவர், அது பூட்டிக் கிடந்தாலும், அதை வாடகைக்கு விட்டதாகவே கருதி வரி கட்ட வேண்டியிருந்தது. எந்த வீட்டைச் சூன்யத்தில் வைப்பது, எதை வரிக்கு விடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு இருந்தது.

2019இல்தான் இது மாறியது. அந்த ஆண்டின் இடைக்கால நிதிநிலை அறிக்கையில் பியூஷ் கோயல் இரண்டு வீடுகளுக்குச் சூன்ய மதிப்பை அறிவித்தார். அவர் சொன்ன காரணங்கள் வேலை, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரைப் பேணுதல். இவற்றால் நடுத்தரக் குடும்பங்கள் இரண்டு ஊர்களில் வீடு வைத்திருக்க நேர்கிறது என்றார். உண்மையான காரணங்கள்தாம். வத்தலகுண்டில் பெற்றோரும் திருப்பூரில் வேலையுமாக வாழ்பவருக்கு இந்தச் சலுகை போய்ச் சேர்ந்தால் யாரும் முணுமுணுக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் காரணங்கள் மேடையில் சொல்லப்பட்டன. சட்டத்தின் வரிகளில் அவை இடம்பெறவில்லை. பெற்றோரைப் பேணும் வீட்டுக்கும் ஆண்டுக்குப் பத்து நாள் குளிர்காயும் பங்களாவுக்கும் ஒரே சூன்யம் கிடைத்தது. அப்போதும் மிஞ்சியிருந்த வேலை, தொழில் என்ற சிறு நிபந்தனையைத்தான் 2025 துடைத்தெறிந்தது. மூன்றாவது வீட்டுக்குத்தான் இன்று கருதப்பட்ட வாடகை. அந்த அளவுக்குச் செல்வமுள்ள குடும்பத்தில் வீடுகள் கணவன் பெயரிலும் மனைவி பெயரிலும் பிரிந்திருக்கும். ஆளுக்கு இரண்டு வீடு என்று கணக்குத் தீர்ந்துவிடும்.

அடுத்து, பழுதுபார்ப்பு. 'வீட்டைக் கட்டிப்பார்' என்ற பழமொழிக்கு மலையில் ஒரு பிற்சேர்க்கை உண்டு: கட்டிய வீட்டைக் காத்துப்பார். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலும் வடகிழக்குப் பருவக்காற்றின் பெருமழையும், இடைப்பட்ட மாதங்களில் மூடுபனியுமாக வீடு ஈரத்திலேயே நிற்கிறது. தகரக் கூரை துருப்பிடிக்கும். ஆணியடித்த துளைகளின் வழியே நீர் இறங்கி மரச்சட்டங்கள் உளுத்துப்போகும். கற்சுவரின் பூச்சு ஊறி உதிரும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சரிவைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவர்: அதில் விட்ட வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டால், பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தால் சுவர் நடுவில் புடைக்கும். புடைப்பைக் கண்டபிறகு ஓரிரு மழைக்காலத்தில் அதைப் பிரித்துக் கட்டாவிட்டால் சுவர் தானே பிரிந்துவிடும். கல்லும் சிமெண்டும் கீழிருந்து மலையேறி வரவேண்டும் என்பதால் எந்த வேலைக்கும் சமவெளியைவிடச் செலவு கூடுதல்.

நம் முதல் வீட்டுக்காரர் ஒரு வருஷம் கூரையை மாற்றினார் என்று வைப்போம். செலவு 1,50,000 ரூபாய். சொத்துவரி போக வந்த 2,28,000இல் அவர் கையில் மிஞ்சியது 78,000. ஆனால் சட்டம் அவருக்கு அனுமதிப்பது அதே 68,400தான். மிச்சமுள்ள 81,600 ரூபாயை அவர் செலவழிக்கவே இல்லை என்பதுபோலச் சட்டம் நடந்துகொள்கிறது. அடுத்த ஆண்டுக்கும் அதைக் கொண்டுபோக முடியாது. 78,000 மிஞ்சியவர் 33,197 வரி கட்டுகிறார். நூறு ரூபாய்க்கு 42 ரூபாய்க்கும் மேல். சென்னையில் புதுக் குடியிருப்பில் அதே வாடகைக்கு வீடு விட்டு, அந்த ஆண்டில் ஓர் ஆணிகூட அடிக்காதவரும் அதே 68,400 ரூபாயைக் கழித்துக்கொள்கிறார். அவருக்கு 2,28,000 ரூபாயும் கையில் நிற்க, அதே 33,197 கட்டினால் போதும். நூற்றுக்குப் பதினான்கரை ரூபாய் அளவில் முடிந்துவிடுகிறது.

இந்தத் தட்டையான கழிவு புதிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1922இலும் 1961இலும் ஆறில் ஒரு பங்கு என்றிருந்தது. பிறகு நான்கில் ஒரு பங்குவரை உயர்ந்தது. அதோடு காப்பீடு, நிலவாடகை முதலியவை தனித்தனியே கழிந்தன. 2001ஆம் ஆண்டு நிதிச்சட்டம் எல்லாவற்றையும் ஒன்றாக்கி 30 சதவிகிதம் என்றது. 2002-03 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அதுவே நடைமுறை. ரசீது கேட்கவேண்டாம், அதிகாரியோடு வழக்காட வேண்டாம் என்ற எளிமை அதன் நோக்கம். பெரும்பாலான வீடுகளுக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் அது தாராளமானதும்கூட. ஆனால் சராசரி என்பது மாரியிலும் கோடையிலும் ஒரே அளவு நீர் ஓடுவதாகச் சொல்லும் கணக்கு. மலைவீட்டின் செலவு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வருவதில்லை. ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வந்து விழும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கூரைக்குச் செலவிட்ட பணத்தைச் சட்டம் கழிக்க விடாது. கூரைக்காக வாங்கிய கடனின் வட்டியைக் கழிக்க விடும். வாடகைக்கு விட்ட வீட்டை வாங்குவதற்கோ கட்டுவதற்கோ மட்டுமன்றிப் பழுதுபார்ப்பதற்கு வாங்கிய கடனுக்கும் வட்டி முழுவதுமாகக் கழியும். அதே 1,50,000 ரூபாயை ஒருவர் 12 சதவிகித வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 18,000 ரூபாய் 30 சதவிகிதத்துக்கு மேற்பட்ட கழிவாகிறது. சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த சொந்தப் பணத்தில் கூரை போட்டவருக்கு ஒரு காசும் இல்லை. சேமிப்பைச் சந்தேகிக்கிற, கடனைக் கொண்டாடுகிற இந்தத் தர்க்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

உண்மைச் செலவைக் காட்ட முன்பு ஒரு சந்து இருந்தது. வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் காட்டி, தொழிலின் செலவாக எல்லாவற்றையும் கழிக்கச் சிலர் முயன்றனர். வாடகைக்கு விடுவதே ஒரு நிறுவனத்தின் தொழிலாக இருந்தால் அந்த வருமானம் தொழில் வருமானமே என்று 2015இல் சென்னை ப்ராப்பர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உண்டு. குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரை 2024 ஜூலை நிதிநிலை அறிக்கை அந்தச் சந்தை அடைத்துவிட்டது. குடியிருப்பு வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விட்டு வரும் வருமானம் இனி வீட்டு வருமானம்தான், தொழில் வருமானமாகாது. வரியைக் குறைக்க அந்த வழி தவறாகப் பயன்பட்டது என்பது அரசு சொன்ன காரணம். இருக்கலாம். ஆனால் தவறான வாசலை அடைத்தவர்கள் சரியான வாசலைத் திறந்திருக்க வேண்டும். கூரை மாற்றியவர் தம் ரசீதோடு எந்த வாசலில் போய் நிற்பது?

கடன் வட்டியின் கதை சற்று வேறு. அதில் ஓரளவு நியாயம் வந்திருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. பழைய வரிமுறையைத் தேர்ந்தவருக்குச் சொந்த உபயோக வீட்டின் வட்டியும் ஆண்டுக்கு 2,00,000 ரூபாய்வரை கழியும். நம் மூன்று வீடுகளுக்கும் இப்போது ஒரு கடனை ஏற்றுவோம்; வீடு வாங்கியதற்கான வட்டி ஆண்டுக்கு 2,25,000 ரூபாய். பூட்டிய வீட்டுக்காரர் சூன்யத்திலிருந்து 2,00,000 கழித்து, அவ்வளவையும் நஷ்டமாகக் காட்டித் தம் சம்பள வரியைக் குறைத்துக்கொள்வார். ஆசிரியருக்கு விட்டவரோ 1,59,600இலிருந்து 2,25,000 கழித்து 65,400 ரூபாய் நஷ்டம் காட்டுவார். யாருக்கும் பயன்படாத வீட்டுக்கு வரிப்பணத்திலிருந்து கிடைக்கும் கை உதவி, பயன்படும் வீட்டுக்குக் கிடைப்பதைப்போல மும்மடங்கு. புதிய வரிமுறையில் இது நேராகியிருக்கிறது. அங்கே சொந்த உபயோக வீட்டுக்கு வட்டிக் கழிவு இல்லை. வாடகை வீட்டுக்கு உண்டு, ஆனால் அதனால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வருமானம் இல்லையென்றால் செலவும் இல்லை என்பது சுத்தமான தர்க்கம். ஆனால் அந்தத் தர்க்கம் கடன் வாங்கி வீடு கட்டியவரைத்தான் தொடுகிறது. பரம்பரையாக வந்த பங்களாவும், ரொக்கமாக வாங்கிய பங்களாவும் கடனற்றவை. அவற்றின் பூட்டை அது அசைப்பதில்லை.

மலைநாடுகள் இந்தச் சிக்கலை வேறெங்கும் சந்தித்ததில்லையா? சுவிட்சர்லாந்து நீண்டகாலமாகக் குடியிருக்கும் வீட்டுக்கும் விடுமுறை வீட்டுக்கும் கருதப்பட்ட வாடகையின்மேல் வரி வாங்கி வந்தது. 2025 செப்டம்பர் 28ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் மக்கள் அதை நீக்க ஒப்புதல் அளித்தனர். அதை எதிர்த்து உரக்கக் குரல் கொடுத்தவை ஆல்ப்ஸ் மலை மாநிலங்கள். விடுமுறை வீடுகள் நிறைந்த அவற்றுக்கு அந்த வரி போனால் வருவாயும் போகும். ஆகவே அதே வாக்கெடுப்பில், இரண்டாம் வீடுகளின்மேல் தனிச் சொத்துவரி விதிக்கும் அதிகாரமும் மாநிலங்களுக்கு வழங்கப்பட்டது. மையத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்தவர்கள், அதன் விளைவைச் சுமக்கும் மலையூருக்கு ஈடாக ஒன்றைக் கொடுத்தார்கள். நாமோ விட்டுக்கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டோம். டெல்லி கொடுத்த சூன்யத்துக்கு ஈடாகக் கோடைக்கானல் நகராட்சிக்கு எதுவும் வரவில்லை.

நம் கோரிக்கை பெரிதல்ல. சூன்ய மதிப்பு உரிமையாளர் உண்மையில் வாழும் ஒரு வீட்டுக்கு இருக்கட்டும். இரண்டாவது வீட்டுக்கும் வேண்டுமென்றால், 2019இல் மேடையில் சொன்ன காரணங்களைச் சட்டத்தின் வரிகளில் எழுதுங்கள்: வேலை, படிப்பு, பெற்றோர், மருத்துவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில மாதம் வாடகைக்கு விட்டவரிடம் அந்த மாதங்களின் வாடகைக்கு மட்டும் வரி கேளுங்கள். பழுதுபார்ப்புக்கு 30 சதவிகிதம் அல்லது உண்மைச் செலவு, இரண்டில் ஒன்றை உரிமையாளர் தேர்ந்துகொள்ளட்டும். பெரிய செலவை ஐந்தாண்டுகளுக்குப் பகிர்ந்து கழிக்க விடுங்கள்.

உண்மைச் செலவு என்றால் பொய்ரசீது பெருகும் என்பார்கள். வங்கி வழியே பணம் கொடுத்து, ஜி.எஸ்.டி. பதிவுள்ளவரிடம் ரசீது பெற்ற செலவுக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுத்தால், ஒரு பக்கத்தில் பொய்யாகக் கழித்தது இன்னொரு பக்கத்தில் ஒருவரின் வருமானமாகத் தெரியும். ரசீது வைத்துக்கொள்ள முடியாதவருக்கு 30 சதவிகிதம் இருக்கவே இருக்கிறது. கையில் வராத வாடகைக்கு வரி கேட்பது கொடுமை என்பார்கள். மூன்றாவது வீட்டுக்கும், இரண்டு மாதம் விட்ட வீட்டின் மற்றப் பத்து மாதத்துக்கும் இன்றைய சட்டம் அதைத்தானே கேட்கிறது? பூட்டிய இரண்டாம் வீட்டின் வாயிலில் வந்ததும் மட்டும் அதற்குக் கருணை பிறப்பது ஏன் என்பதுதான் நம் வினா. வரி போட்டால் பூட்டுகள் திறந்துவிடுமா என்றும் கேட்பார்கள். எல்லாம் திறக்காது. வசதியுள்ளவர் 33,197 ரூபாயைக் கட்டிவிட்டுப் பூட்டியே வைத்திருப்பார். அது அவர் விருப்பம். ஆனால் அந்த விருப்பத்தின் விலையை, அவர் வீட்டுக்குக் கீழே மாடிப்பகுதியை ஆசிரியருக்கு விட்டிருக்கும் உள்ளூர்க்காரர் மட்டும் கட்டுகிறார் என்பதே இன்றைய நிலை. திறக்கத் தயாராக இருக்கும் பூட்டுகளும் உண்டு. மேலே சொன்ன மூன்றாம் வீட்டைப் போன்றவை. அவற்றையாவது சட்டமே மூடி வைக்காதிருக்கட்டும்.

'எந்தக் காரணத்தாலும்' என்ற சொற்களுக்குத் திரும்புவோம். காரணம் கேட்காமல் சலுகை தருபவர்கள் கூரை மாற்றியவரிடமும், சுவர் எழுப்பியவரிடமும், வீட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்தவரிடமும் அதே பெருந்தன்மையைக் காட்டியிருந்தால் நமக்குச் சச்சரவில்லை. அவர்கள் ரசீதோடு வந்தாலும் சட்டம் படிக்க மறுக்கிறது. பூட்டு மட்டும்தான் எந்த விளக்கமும் சொல்லாமல் நம்பப்படுகிறது.